பறை ஆட்டக் காணொளியின் கீழே: வசவை நிறுத்தி வைப்பதும் பேச்சைக் காப்பாற்றுவதும்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர்ப் பெண்கள் பறை ஆட்டக் குழுவைப் பற்றி 14 நிமிடக் காணொளி ஒன்றை யூடியூபில் போட்டேன். முதல் இரண்டு நாள் நல்ல பேச்சு நடந்தது. பிறகு எங்கிருந்தோ கூட்டம் வந்து சாதியைச் சொல்லியும் ஆடிய பெண்களைக் கேவலப்படுத்தியும் எழுதத் தொடங்கியது. பயந்துபோய் 'பறை' உட்பட அறுபது சொற்களைத் தடைப் பட்டியலில் போட்டேன். அதுவும் போதாமல் எல்லாப் பின்னூட்டங்களையும் நிறுத்தி வைத்துவிட்டேன். ஒன்பது நாளில் 430 பின்னூட்டங்கள் காத்திருக்கின்றன. முதல் 100-ஐப் படித்தேன், மோசமானவை 18தான். ஆனால் காணொளியின் கீழே இப்போது யாரும் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

படித்தவற்றை எண்ணி வைத்திருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். 18 பேரை உள்ளே விடாமல் இருக்க 82 பேரை வாசலில் நிற்க வைத்திருக்கிறீர்கள். அந்த 82 பேரும் ஏதோ ஒரு நிமிடத்தில், பார்த்த சூட்டோடு எழுதியவர்கள். இன்று நீங்கள் அனுமதித்தாலும் அவர்களுடைய பின்னூட்டம் ஒன்பது நாள் பழையதாகத்தான் வந்து நிற்கும். அதற்குப் பதில் சொல்லியிருக்கக்கூடிய ஆள் பார்த்துவிட்டுப் போயிருப்பார். வசவு வாங்கியதால் உங்கள் பேச்சு நின்றுபோகவில்லை. பதில் கிடைக்க வேண்டிய நேரத்தில் எதுவும் வெளியே தெரியாமல் இருந்ததால் நின்றது.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். யூடியூபில் நிறுத்தி வைப்பது வேறு, அழிப்பது வேறு. நிறுத்தி வைத்தவை Held for review என்ற பகுதியில் 60 நாள் வரைதான் இருக்கும். அதற்குள் பார்க்கவில்லை என்றால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போய்விடும். ஆகவே அந்த வரிசையை ஒரு நாளைக்கு எத்தனை முறை உட்கார்ந்து காலி செய்ய முடியும் என்பதை வைத்துத்தான், எவ்வளவு நிறுத்தலாம் என்று முடிவு செய்ய வேண்டும். பள்ளி முடிந்து வந்து நாளைக்கு அரை மணி நேரம் கிடைக்கும் என்றால், நாளைக்கு முப்பது நாற்பது பின்னூட்டம் சிக்கும் அளவுக்கு வலையைப் பின்னுங்கள். அதற்கு மேல் சிக்கினால் வலையின் கண்கள் மிகச் சிறியவை என்று பொருள்.

இனி உங்கள் அறுபது சொற்களுக்கு வருகிறேன். சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

'பறை' என்ற சொல்லைப் பட்டியலில் போட்டதற்கான காரணம் புரிகிறது. அந்த வேரிலிருந்து பிறந்த சாதிப் பெயரைத்தான் அவர்கள் வசவாக எறிகிறார்கள். ஆனால் உங்கள் காணொளியைப் பற்றி அந்தச் சொல் இல்லாமல் யார் பேச முடியும்? "இந்தப் பறையை எந்தத் தோலில் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டவரும், "என் தாத்தா பறை அடித்தவர், இன்று அழுதுவிட்டேன்" என்று எழுதியவரும் வசைபாடியவரோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்தச் சொல்லை இன்றே எடுத்துவிடுங்கள்.

நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளாக ஓர் ஊர் வரலாற்றுக் காணொளித் தளத்தின் பின்னூட்டங்களைக் கவனித்து வருகிறேன். பெண் ஒருவர் பேசிய காணொளிக்கு வசவு வந்தபோது 'போடி', 'வாடி' என்ற இரண்டையும் தடைப் பட்டியலில் சேர்த்தேன். மூன்று வாரம் கழித்து வரிசையைத் திறந்தால், தேனி மாவட்டத்துப் போடியைச் சேர்ந்தவர்களுடைய பின்னூட்டங்களாகவே நின்றன. "எங்கள் ஊர் போடி. இதே மாதிரிக் கல்வெட்டு எங்கள் பக்கத்திலும் இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் சொன்னபோது நாள் தாண்டிப் போயிருந்தது. அவர் திரும்பி வரவே இல்லை. அந்தக் கல்வெட்டு எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் இதற்கு எல்லோரும் சொல்லும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களால் ஓர் இணையச் சேவையில் கணக்கே தொடங்க முடியவில்லை, ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததால். தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது, ஏனென்றால் நம்முடைய வசவுகளில் பல சாதாரணச் சொற்கள். 'மயிர்' என்று ஒரு பட்டியலில் போட்டால் "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா" என்ற 969-ஆம் குறளை மேற்கோள் காட்டும் தமிழாசிரியரும் சிக்கக்கூடும்.

அப்படியானால் எதைத் தடுப்பது? இங்கே நமக்கு மொழியே ஒரு வழியைத் தருகிறது. தமிழில் வசவு பெரும்பாலும் விளியாக வரும். 'நாய்' என்பது விலங்கு. வீட்டில் வளர்ப்பது, தெருவில் திரிவது, பறைச் சத்தம் கேட்டுக் குரைப்பது. 'நாயே' என்பது ஓர் ஆளை நோக்கி எறிவது. எட்டாம் வேற்றுமை என்று பள்ளியில் நீங்கள் கற்றுத்தரும் அதே விளி வேற்றுமைதான். பெயராக நிற்கும் சொல்லை விட்டுவிட்டு விளியாக நிற்கும் வடிவத்தைப் பட்டியலில் போட்டால், பொருளைப் பற்றிப் பேசுபவர் தப்பிவிடுவார், ஆளைத் தாக்குபவர் சிக்குவார். சாதிப் பெயருக்கும் இதுவே. பெயரை அல்ல, அதோடு 'நாய்களா', 'பயல்களா', 'புத்தி' போன்றவை ஒட்டி வரும் தொடரைப் போடுங்கள். தனிச் சொல்லுக்குப் பதில் இரண்டு சொல் சேர்ந்த தொடரைப் போட யூடியூப் அனுமதிக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

ஆங்கில எழுத்தில் எழுதப்படும் தமிழுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். ஒரே சொல்லை நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். YouTube Studio-வின் Settings-இல் Community என்று தொடங்கும் பகுதிக்குள் Blocked words என்ற பெட்டி இருக்கிறது. அதில் காற்புள்ளி இட்டு இப்படிச் சேர்க்கலாம்:

```
நாயே, நாய்களா, naaye, naye, nayee, naaigala, naigala
```

பட்டியலில் உள்ள சொல்லையும் அதற்கு மிக நெருங்கியதையும் பிடிப்பதாகத்தான் யூடியூப் சொல்கிறது. எவ்வளவு நெருக்கம் என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். அதற்குச் சுலபமான வழி உண்டு. ஒரு நிமிடக் காணொளி ஒன்றை Unlisted ஆகப் போடுங்கள். இன்னொரு கணக்கிலிருந்து நல்ல வாக்கியம் பத்து, கெட்ட வாக்கியம் பத்து எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கு உங்கள் Approved users பட்டியலில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அதில் உள்ளவர்கள் எழுதுவது எந்த வடிகட்டியிலும் நிற்காது. எது சிக்கியது, எது நழுவியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் உங்கள் பட்டியலின் குணம் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் ஒரு விசித்திரத்தைச் சந்திப்பீர்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு சொற்களில் ஒன்று சிக்கும், மற்றது நழுவும். தமிழில் 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது ஒருங்குறியின் விதி; ஆனால் எல்லா மென்பொருளும் ஒப்பிடும் முன் அவற்றைச் சமப்படுத்துவதில்லை. சில விசைப்பலகைகள் முதல் வகையையும் சில இரண்டாம் வகையையும் தருகின்றன. ஒகர, ஓகாரக் குறி வரும் வசவு ஏதாவது நழுவினால், நழுவிய அந்தப் பின்னூட்டத்திலிருந்தே சொல்லை நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டுங்கள். தட்டச்சு செய்யாதீர்கள், நகலெடுங்கள்.

எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்தும் இடைவெளி விட்டும் எழுதுபவர்களைத் துரத்திப் பட்டியலை நீட்ட வேண்டாம். அது முடிவில்லாத வேலை. வடிகட்டி இருக்கிறது என்று தெரிந்து, அதைத் தாண்டுவதற்காக ஒருவர் புள்ளி வைக்கிறார் என்றால் அவர் நோக்கத்தைத் தானே சொல்லிவிட்டார். அந்த இடத்தில் சொல்லைத் தடுப்பதை விட்டு ஆளைத் தடுங்கள். பின்னூட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் Hide user from channel என்று வரும். அதற்குப் பிறகு அவர் எழுதுவது வேறு யாருக்கும் தெரியாது. மறைத்திருக்கிறோம் என்ற அறிவிப்பும் அவருக்குப் போகாது. வெளிப்படையாக விரட்டினால் புதுக் கணக்கோடு வருபவர், இப்படிச் செய்தால் பெரும்பாலும் அதே கணக்கிலேயே தனக்குத்தானே எழுதிக்கொண்டு கிடப்பார்.

ஆனால் சொற்பட்டியலை எவ்வளவு கூர்மையாக்கினாலும் அதற்கு எட்டாத ஒன்று இருக்கிறது. உங்கள் 18-இல் அப்படி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். "இந்தப் பெண்களுக்கு வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லையா?" "எங்கள் தெருவுக்குள் வந்து ஒருமுறை ஆடிப்பார்க்கட்டும்." "யாரை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்க வேண்டும்." இவற்றில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. முதலாவது இழிவு, இரண்டாவது மிரட்டல், மூன்றாவது நூற்றாண்டுகளின் சாதித் திமிர். எந்தப் பட்டியலும் இவற்றைப் பிடிக்காது. யூடியூபின் தானியங்கி வடிகட்டி சொற்பட்டியலைவிட அதிகம் கவனிக்கிறது என்றாலும், தமிழும் ஆங்கிலமும் கலந்த பின்னூட்டங்களில் அதை நம்பி உறங்க முடியாது.

இந்தக் கலப்புத் தமிழுக்கென்றே திராவிட மொழிக் கணிமை ஆய்வாளர்கள் யூடியூப் பின்னூட்டங்களைத் திரட்டி, 2021-இல் ஒரு பொதுப் போட்டியே நடத்தினார்கள். அதில் வசவுகளை அவர்கள் பிரித்த முறை நமக்கும் உதவும். யாரையும் நோக்காத வசவு, தனி ஆளை நோக்கியது, ஒரு கூட்டத்தை நோக்கியது, வேறெதையோ நோக்கியது என்று பிரித்தார்கள். நான் வரிசையைப் படிக்கும்போது கேட்டுக்கொள்ளும் ஒரே கேள்வியும் இதுதான்: இது யாரை நோக்கிப் போகிறது? "என்ன எழவு ஒலிப்பதிவு இது, காது வலிக்கிறது" என்பது என் வேலையை நோக்கியது. வெளியே விடுவேன், ஒலிப்பதிவு மோசமாக இருந்தால் ஒப்புக்கொண்டு பதிலும் எழுதுவேன். ஆடிய பெண்ணையோ அவளுடைய சமூகத்தையோ நோக்கிப் போவது, எவ்வளவு நாசூக்காக எழுதப்பட்டிருந்தாலும், வெளியே போகாது.

நீங்கள் தனியாகக் குறிப்பிட்டு அனுப்பியிருந்த மூன்று பின்னூட்டங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒருவர் எழுதுகிறார்: "பறை சாவுக்கு அடிப்பது. கோயில் விழாவில் அடிப்பது வழக்கமே இல்லை." இதில் முன்முடிவு இருக்கிறது. ஆனால் இது ஒரு கூற்று. பதில் சொல்லக்கூடிய கூற்று. இதை வெளியே விடுங்கள், ஆனால் தனியாக விடாதீர்கள். அனுமதித்த கையோடு பதிலையும் போடுங்கள். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறவை இவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை உண்டு. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை. சாவுக்கு மட்டும் என்று சுருக்கியது பின்னால் வந்த சமூகம். இதை ஓர் ஆசிரியை சொன்னால் எழுதியவர் மாறாவிட்டாலும், அதைப் படிக்கும் நூறு பேருக்கு அந்தக் காணொளி இன்னும் ஒரு பாடமாகும். இந்தப் பின்னூட்டத்தை நீங்கள் நிறுத்தி வைத்திருந்தால் அந்தப் பாடம் நடந்திருக்காது.

இரண்டாமவர் உங்களுக்காக வாதாடியவர். வசைபாடியவரின் வாக்கியத்தை அப்படியே எடுத்துப்போட்டு, "இப்படி எழுத வெட்கமாக இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். வடிகட்டி முதலில் வாயடைப்பது இவரைப் போன்றவர்களைத்தான், ஏனென்றால் வசவுச் சொல் இவருடைய பின்னூட்டத்திலும் இருக்கிறது. வெளியே விட்டால் ஆடிய பெண்கள் அந்தச் சொல்லை மறுபடியும் படிக்க வேண்டும். மற்றவர் எழுதியதைத் திருத்தும் வசதி நமக்கு இல்லை. நான் இதை வெளியே விடமாட்டேன். ஆனால் அவர் முன்பு எழுதிய, வெளியே இருக்கும் பின்னூட்டம் ஏதாவது இருந்தால் அதன் கீழே நன்றி சொல்லி, அந்தச் சொல் இல்லாமல் மறுபடியும் எழுதும்படி கேட்பேன். பெரும்பாலும் எழுதுவார்கள்.

மூன்றாவது ஒரு பாட்டி எழுதியதுபோல் இருக்கிறது: "அடி சண்டாளி, என்ன அடி அடிக்கிறாள்! கண் பட்டுவிடும், சுற்றிப் போடுங்கள்." அன்பில் எழுதியது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இந்த இடத்தில் நானும் தயங்கினேன். கிராமத்தில் அந்தச் சொல் கொஞ்சலாகவும் புழங்குகிறது; ஆனால் அது ஒரு சாதியைக் குறித்த இழிசொல். 2024-இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் அந்தச் சொல்லைப் பொதுவெளியில் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொன்னதும் அதனால்தான். வேறு காணொளி என்றால் விட்டிருப்பேன். இந்தக் காணொளியின் கீழ் விடலாமா என்பதை நீங்களும் முடிவு செய்ய வேண்டாம், நானும் முடிவு செய்ய வேண்டாம். குழுப் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே "பாட்டி சொன்னது இருக்கட்டும்" என்றால் விடுங்கள். முகம் சுருங்கினால் விடாதீர்கள்.

குழுவிடம் கேளுங்கள் என்று சொன்னதற்காக, வரிசை முழுவதையும் அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். தன்னைப் பற்றி எழுதப்பட்ட அசிங்கத்தைத் தானே பொறுக்கிப் பிரிக்கும் வேலையை எந்தப் பெண்ணுக்கும் தரக் கூடாது. ஐயமான ஒன்றிரண்டை மட்டும், முன்கூட்டியே சொல்லி, காட்டுங்கள். வரிசையைப் படிக்க உங்களோடு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் படித்தால் நாலாவது நாளில் எல்லாமே வசவாகத் தெரியும், அல்லது எதுவுமே வசவாகத் தெரியாது. இரண்டும் ஆபத்து.

அவர்களுடைய பாதுகாப்புக்கு இன்னொன்று. தடைப் பட்டியலில் வசவை மட்டும்தான் போட வேண்டும் என்று இல்லை. குழுப் பெண்களின் கைபேசி எண்கள், அவர்கள் குடியிருக்கும் தெருவின் பெயர், வேலை பார்க்கும் இடத்தின் பெயர் ஆகியவற்றையும் போட்டு வையுங்கள். யாராவது அவற்றை எழுதினால் வெளியே தெரியும் முன்பே நிற்கும். ஊர்ப் பெயரைப் போடாதீர்கள். ஊர்க்காரர்கள் பெருமையோடு எழுதும் பின்னூட்டம் எல்லாம் நின்றுவிடும். இணைப்புகளைத் தடுக்கும் Block links என்ற வசதியையும் போட்டுவிடுங்கள். இந்தக் காணொளிக்கு அதனால் இழப்பு குறைவு.

மிரட்டலாக இருப்பதை அழிக்கும் முன் பதிவு செய்யுங்கள். பின்னூட்டத்தின் பக்கத்தில் "3 நாட்களுக்கு முன்" என்று இருக்கும் நேரத்தை அழுத்தினால் அந்தப் பின்னூட்டத்துக்கான தனி முகவரி கிடைக்கும்:

```
https://www.youtube.com/watch?v=VIDEO_ID&lc=COMMENT_ID
```

முகவரி, எழுதியவரின் கணக்குப் பெயர், திரையின் படம், தேதி நான்கையும் எடுத்துவைத்த பிறகே நீக்குங்கள். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவரை, அவற்றைச் சேராத ஒருவர் சாதியைச் சொல்லிப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். யூடியூபில் சொன்னதும் பொதுப் பார்வையில் சொன்னதாகவே கொள்ளப்படும் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது குழுவின் முடிவு. கொடுக்க விரும்பினால் ஊர்க் காவல் நிலையத்திலும் cybercrime.gov.in தளத்திலும் கொடுக்கலாம். அந்த நாளில் சான்று கையில் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் பொறுப்பு.

நீக்குவதில் இன்னொரு கவனம் வேண்டும். வெளியே இருக்கும் தாய்ப் பின்னூட்டத்தை நீக்கினால் அதன் கீழே வந்த பதில்கள் அத்தனையும் சேர்ந்து போகும். ஒருவர் வசைபாட, பன்னிரண்டு பேர் பொறுமையாக விளக்கம் எழுதியிருப்பார்கள். நீங்கள் ஒரு நொடியில் பதின்மூன்றையும் அழித்துவிடுவீர்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் என்ன நினைப்பார்கள்? ஆகவே முதல் சில மணி நேரத்தில்தான் கண் விழிப்பாக இருக்க வேண்டும். பதில் ஒன்றிரண்டு வரும் முன்பே நீக்கினால் சேதம் இல்லை. காலம் கடந்துவிட்டால், நல்ல பதில்களின் சாரத்தை எழுதியவர்களின் அனுமதியோடு உங்கள் பெயரில் தனிப் பின்னூட்டமாகப் போட்டு, அதன் பிறகு தாயை நீக்குங்கள். வசவுத் தொடர் ஒன்றில் பதில் குவியக் குவிய, அது மேலே ஏறி வந்து காணொளியைத் திறப்பவர் கண்ணில் முதலில் படும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே அதில் நின்று வாதாட வேண்டாம் என்று நண்பர்களுக்குச் சொல்லி வையுங்கள். அந்த ஆற்றலை நல்ல கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் செலவிடட்டும்.

இனி அமைப்பை எப்படி மாற்றுவது என்று சொல்கிறேன். இப்போது நீங்கள் Hold all-இல் இருக்கிறீர்கள். அதிலிருந்து Strict-க்கு இறங்குங்கள். அந்த நிலையில் மோசமாக இருக்கலாம் என்று யூடியூப் கருதுபவையும், உங்கள் சொற்பட்டியலில் சிக்குபவையும் மட்டும் நிற்கும். மற்றவை உடனே வெளியாகும். ஒரு வாரம் அதில் இருங்கள். அந்த வாரத்தில் ஒரு நோட்டில் இரண்டு கணக்கு எழுதுங்கள். நின்றவற்றில் எத்தனையை நீங்கள் அனுமதித்தீர்கள், அவை எந்தச் சொல்லால் நின்றன என்பது ஒன்று. வெளியே போனவற்றில் எத்தனையைப் பிறகு நீக்க வேண்டியிருந்தது என்பது மற்றொன்று. முதல் கணக்கில் ஒரு சொல்லால் பத்து நின்று அதில் ஏழெட்டை நீங்களே அனுமதித்திருந்தால் அந்தச் சொல் பட்டியலில் இருக்கத் தகுதியற்றது. எடுத்துவிடுங்கள், அல்லது தொடராக மாற்றுங்கள். இரண்டாவது கணக்கு நாளுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தால் Basic-க்கு இறங்கலாம். இந்த இரண்டாவது கணக்கைப் பலர் எழுதுவதே இல்லை. நின்றதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே நழுவிப்போனது யார் கண்ணிலும் படாது. தினமும் ஒருமுறை பின்னூட்டங்களைப் புதியது முதலாக வரிசைப்படுத்தி, பார்வையாளராக இருந்து படித்தால்தான் அது தெரியும்.

மறுபடியும் ஒரு இரவில் கூட்டம் பாயலாம். யாராவது உங்கள் காணொளியைத் தன் ஆட்களுக்குக் காட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் நூறு வரும். அன்று Hold all போட வேண்டாம். Pause என்ற வசதியைப் போடுங்கள். ஏற்கெனவே உள்ள பின்னூட்டங்கள் எல்லோருக்கும் தெரியும், புதிதாக யாரும் எழுத முடியாது. மறுநாள் காலையில் எழுந்து Strict-க்குத் திரும்புங்கள். Pause போட்டால் காலையில் படிக்க வேண்டிய வரிசையே இருக்காது. எழுத வந்தவருக்கும் இப்போது மூடியிருக்கிறது என்று தெரியும்; எழுதிவிட்டு எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

Approved users பட்டியலையும் மெல்ல வளர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை பொருளோடு எழுதியவரை அதில் சேர்த்தால் அவர் எழுதுவது காத்திருக்காமல் வெளியாகும். வேறு ஊர்ப் பறைக் கலைஞர்கள், இசை ஆய்வாளர்கள், பழைய மாணவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் அப்படி இருந்தால், நீங்கள் பள்ளியில் இருக்கும் நேரத்திலும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். உங்களைப் புகழ்பவர் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். உங்களோடு மாறுபட்டு, ஆனால் மரியாதையாக வாதிடுபவரைக் கட்டாயம் சேருங்கள்.

கடைசியாக, கையில் இருக்கும் 430. முதல் 100-ஐப் பிரித்துவிட்டீர்கள். அந்த 82-ஐ இன்று மாலையே வெளியே விடுங்கள். மீதி 330-ஐப் பழையதிலிருந்து தொடங்காதீர்கள், புதியதிலிருந்து தொடங்குங்கள். நேற்று எழுதியவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கக்கூடும். Comments பக்கத்தில் கேள்விகளை மட்டும் பிரித்துக் காட்டும் Contains questions என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் தமிழ்க் கேள்விகள் சிக்காவிட்டால் கண்ணால் தேடியாவது கேள்விகளை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றையும் அனுமதித்த உடனே ஒரு வரியாவது பதில் எழுதுங்கள், முடியாவிட்டால் அந்த இதயக் குறியையாவது போடுங்கள். இரண்டும் எழுதியவருக்கு அறிவிப்பாகப் போய்ச் சேரும். அவர் திரும்பி வருவதற்கு உங்களிடம் உள்ள ஒரே கதவு அதுதான். பழையவற்றை நாளுக்கு ஐம்பதாக எடுத்தால் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், 60 நாள் எல்லைக்குள் தாராளமாக இருக்கிறீர்கள்.

அதற்கு முன்பு மேலே பொருத்தி வைக்கும் பின்னூட்டம் ஒன்றை எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "ஆடிய பெண்களை இழிவுபடுத்தி எழுதப்பட்டவற்றால் ஒன்பது நாள் எல்லாப் பின்னூட்டங்களையும் நிறுத்தி வைத்திருந்தேன். நல்ல மனதோடு எழுதியவர்களும் அதில் காத்திருக்க நேர்ந்தது, மன்னியுங்கள். இன்றுமுதல் வெளியிடுகிறேன். பறையைப் பற்றியும் ஆட்டத்தைப் பற்றியும் என் காணொளியின் குறைகளைப் பற்றியும் எதுவும் எழுதலாம். சாதியையோ ஆடியவர்களின் ஒழுக்கத்தையோ இழுத்து எழுதுவது வெளியாகாது. தோல் எப்படிக் காய்ச்சப்படுகிறது என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அறிவிப்பை மட்டும் படிப்பவர் படித்துவிட்டுப் போவார். தோலைப் பற்றிய பதிலைப் பார்ப்பவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்.